ஆட்டின் கண்ணில் படுத்த கோடு, பூனையின் கண்ணில் நிமிர்ந்த கோடு

நண்பகல் வெயிலில் நிற்கும் ஓர் ஆட்டின் கண்ணை அருகிலிருந்து பார்த்தால், மஞ்சள் நிறக் கண்ணின் நடுவே தபாற்பெட்டியின் வாய் போன்ற ஒரு கருங்கோடு படுத்துக் கிடப்பதைக் காணலாம். செம்மறி ஆட்டிலும் அவ்வாறே. அதே வெயிலில் மதிலின் மேல் படுத்திருக்கும் பூனையின் கண்ணிலும் ஒரு கருங்கோடு உண்டு. ஆனால் அது மேலிருந்து கீழாக நிமிர்ந்து நிற்கிறது. நமது கண்ணிலோ கோடு இல்லை, வட்டமே இருக்கிறது. மூன்றும் பாலூட்டிகளின் கண்களே. மூன்றிலும் வில்லை உண்டு, விழித்திரை உண்டு. அப்படியிருக்க இந்த ஒரு சிறிய கருமை மட்டும் ஏன் மூன்று வடிவங்களை எடுத்தது? இக்கேள்விக்கான விடையை இரு பகுதிகளாகப் பிரித்து இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். முதலாவது, துவாரத்தின் வடிவம் காட்சியை எவ்வாறு மாற்றுகிறது என்பது. இரண்டாவது, அந்த மாற்றம் எந்தப் பிராணிக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்பது.

கண்மணி ஒரு துவாரம்

கண்மணி என்று நாம் அழைப்பது உண்மையில் ஒரு பொருள் அன்று. கதிராளி என்னும் நிறமுள்ள திரையின் நடுவே உள்ள துவாரமே அது. உள்ளே இருட்டாக இருப்பதால் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. இத்துவாரத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. உள்ளே செல்லும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்துவது ஒன்று. எந்தத் தூரத்தில் உள்ள பொருள்கள் தெளிவாகத் தெரிய வேண்டும், எவை மங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மற்றொன்று. துவாரம் அகன்றிருந்தால் நாம் உற்று நோக்கும் பொருள் மட்டுமே தெளிவாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கிவிடும். துவாரம் சுருங்கினால் அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும். குறும்பார்வை உள்ளவர்கள் கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்கிக்கொள்வதும் இதனாலேயே.

வட்டமான துவாரம் சுருங்கினால் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவாகச் சுருங்கும். கோடு போன்ற துவாரம் அப்படியன்று. அது ஒரு திசையில் ஒடுங்கியும் மறு திசையில் நீண்டும் இருக்கிறது. ஆகவே ஒரே கண், ஒரே நேரத்தில், ஒரு திசையில் சிறிய துவாரமாகவும் மறு திசையில் பெரிய துவாரமாகவும் தொழிற்படுகிறது. ஆட்டையும் பூனையையும் பற்றிய முழு விளக்கமும் இந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கியிருக்கிறது. இதனைச் சொல்லி விளங்க வைப்பதிலும் செய்து பார்ப்பது இலகு.

ஓர் அட்டைத் துண்டில் செய்த சோதனை

நான் குறும்பார்வைக் கண்ணாடி அணிபவள். கண்ணாடியைக் கழற்றினால் எங்கள் வீட்டு யன்னல் கம்பிகள் நான்கு மீற்றர் தூரத்திலேயே மங்கிவிடும். அவ்யன்னலில் நிமிர்ந்த கம்பிகளும் உண்டு, படுத்த கம்பிகளும் உண்டு. பழைய கொப்பி அட்டை ஒன்றில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலமும் இரண்டு சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட ஒரு கீறலை வெட்டினேன். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணுக்கு மிக அருகில் அட்டையைப் பிடித்து, கீறல் நிமிர்ந்து நிற்குமாறு வைத்துப் பார்த்தேன்.

நிமிர்ந்த கம்பிகள் கூர்மையாகத் தெரிந்தன. படுத்த கம்பிகளோ முன்போலவே மங்கலாக இருந்தன. அட்டையைத் திருப்பிக் கீறலைப் படுக்க வைத்ததும் காட்சி மாறியது. இப்போது படுத்த கம்பிகள் கூர்மையாகின, நிமிர்ந்தவை மங்கின.

காரணம் இதுதான். கண் குவியாத தூரத்தில் உள்ள ஒரு புள்ளி விழித்திரையில் புள்ளியாக விழுவதில்லை; துவாரத்தின் வடிவிலேயே ஒரு கறையாக விழுகிறது. துவாரம் நிமிர்ந்த கோடாக இருந்தால் கறையும் நிமிர்ந்த கோடாகவே இருக்கும். நிமிர்ந்த கம்பி ஒன்றின் ஒவ்வொரு புள்ளியும் இவ்வாறு மேலும் கீழுமாக இழுபடும்போது, அந்த இழுப்பு கம்பியின் மேலேயே விழுகிறது. எனவே கம்பியின் ஓரம் கெடுவதில்லை. படுத்த கம்பியின் புள்ளிகள் மேலும் கீழும் இழுபட்டால் அதன் ஓரங்கள் கரைந்துவிடும்.

இச்சோதனையைச் செய்ய விரும்பும் தோழியர் இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். கீறல் நமது கண்மணியை விட ஒடுங்கியதாக இருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் நமது கண்மணி மூன்று மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே மூன்று மில்லிமீற்றர் அகலக் கீறல் எதையும் காட்டாது. மேலும், குறும்பார்வை இல்லாதவர்கள் கைவிரலைக் கண்ணுக்கு இருபது சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, விரலையே நோக்கிக்கொண்டு, பின்னால் தெரியும் கம்பிகளைக் கவனிக்க வேண்டும். பார்வை கம்பிக்குத் தாவினால் எல்லாமே தெளிவாகி வேறுபாடு மறைந்துவிடும்.

ஆட்டுக்குத் தேவையானது எது?

இனி ஆட்டிடம் வருவோம். ஆட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. இதனால் 300 பாகைக்கும் மேற்பட்ட பரப்பைத் தலையைத் திருப்பாமலே அதனால் பார்க்க முடிகிறது. முதுகுக்கு நேர் பின்னால் உள்ள சிறு பகுதி மட்டுமே அதற்குத் தெரியாது. நம்மால் ஏறத்தாழ 180 பாகையையே பார்க்க முடியும். ஆட்டை உண்ண வரும் விலங்கு வானத்திலிருந்து வருவது அரிது. தரை வழியேதான் வரும். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதுதான் தெரியாது. ஆகவே ஆட்டின் கண்ணுக்கு வானமும் காலடியும் முக்கியமல்ல. தன்னைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் தரைப் பட்டையே முக்கியம்.

படுத்த கண்மணி அந்தப் பட்டைக்காகவே அளந்து வெட்டியது போல் இருக்கிறது. பக்கவாட்டில் உள்ள கண்ணுக்கு முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒளி மிகச் சாய்வாகவே வந்து சேரும். வட்டத் துவாரம் ஒன்றை மிகச் சாய்வாகப் பார்த்தால் அது ஒடுங்கிய கோடாகத் தெரிவதை நாம் அறிவோம். அதன் வழியே புகும் ஒளியும் அவ்வாறே குறைந்துவிடும். துவாரம் முன்பின்னாக நீண்டிருந்தால் அந்த இழப்பு பெருமளவு ஈடுசெய்யப்படுகிறது. அதேவேளை, மேல் கீழாக ஒடுங்கியிருப்பதால் உச்சி வெயிலின் கூச்சம் உள்ளே வருவது குறைகிறது. ஆட்டின் கண்மணியின் மேல் விளிம்பில் சிறு கரும் மணிகள் போன்ற முடிச்சுகள் தொங்குவதையும் உற்றுப் பார்த்தால் காணலாம். அவையும் கூரை இறப்பு போல நிழல் தருபவை என்றே கருதப்படுகின்றன.

இன்னொரு பயனை நமது அட்டைச் சோதனை காட்டிவிட்டது. கீறல் படுத்திருந்தபோது படுத்த கம்பிகள் எல்லாத் தூரத்திலும் கூர்மையாகத் தெரிந்தன அல்லவா? தரையில் உள்ள வரப்பு, பள்ளத்தின் விளிம்பு, கல்லின் மேல் ஓரம், தொடுவானம் ஆகிய யாவும் பெரும்பாலும் படுத்த கோடுகளே. எதிரியைக் கண்டதும் ஆடு ஓட வேண்டும். ஓடும் வேகத்தில், கண்ணின் கடைசி ஓரத்தால் பார்த்தே, எங்கே கால் வைப்பது என்று அது தீர்மானிக்க வேண்டும். பள்ளத்தின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தால் கால் முறியும். கால் முறிந்த ஆடு தப்பாது.

தலை குனிந்தால் என்னவாகும்?

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஆடு தலையை நிமிர்த்தி நிற்கையில் கண்மணி தரைக்குச் சமாந்தரமாக இருக்கிறது, சரி. ஆனால் ஆடு நாளின் பெரும் பொழுதைத் தலை குனிந்து புல் மேய்வதில் கழிக்கிறது. தலை கீழே சாய்ந்தால் கண்ணும் அதனோடு சாயும். கண் சாய்ந்தால் படுத்த கோடு நிமிர்ந்த கோடாகிவிடும். அப்போது ஆட்டின் கண் பூனையின் கண் போலாகி, தரைப் பட்டைக்குப் பதிலாக வானத்தையும் மண்ணையும் பார்த்துக்கொண்டிருக்கும். வாய் புல்லில் இருக்கும் அந்த நேரமே எதிரி பதுங்கி வர உகந்த நேரம். மிகவும் தேவையான வேளையில் கண் உதவாமல் போனால் இந்த வடிவத்தால் என்ன பயன்?

இச்சந்தேகத்தை அமெரிக்காவின் பேர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பாங்க்ஸ் என்பவரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் லவ் என்பவரும், அவர்களது சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தனர். மேயும் பிராணிகளைப் படம் பிடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஆடு தலையைக் குனியும்போது, அதன் கண்கள் குழிக்குள்ளேயே எதிர்த்திசையில் சுழன்றுகொள்கின்றன. தலை எவ்வளவு சாய்ந்தாலும் கண்மணி தரைக்குச் சமாந்தரமாகவே இருக்க முயல்கிறது. இச்சுழற்சி 50 பாகை அளவுக்கும் செல்லும். நமது கண்ணால் இவ்வகையில் சுழல முடிவது இதில் பத்தில் ஒரு பங்கு அளவே.

சுழற்சியின் திசையையும் சிந்தித்துப் பாருங்கள். ஆட்டின் இடப் பக்கத்தில் நாம் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆடு நமக்கு இடப் புறமாக நோக்கி நிற்கும். அது மூக்கைத் தாழ்த்தும்போது தலை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுழல்வது போல் தெரியும். எனவே கண், முள் செல்லும் திசையில் சுழல வேண்டும். நாம் வலப் பக்கத்துக்குச் சென்றால் எல்லாமே எதிர்மாறு. அதாவது இரு கண்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல்கின்றன. மேசன் சுவரின் மேல் வைத்துப் பார்க்கும் மட்டக் கருவியில், பலகையைச் சாய்த்தாலும் நீர் மட்டம் சாயாமல் நிற்பது போன்றது இது.

இதனை நேரில் காண்பது கடினமல்ல. எங்கள் பக்கத்து வீட்டு மாமி இரண்டு ஆடுகள் வளர்க்கிறார். அவற்றின் முன்னால் புற்கட்டை ஒருமுறை தரையிலும் ஒருமுறை உயரத்திலும் வைத்து, பக்கவாட்டிலிருந்து தொலைபேசியில் படம் எடுத்தேன். "என்ன புள்ள, ஆட்டுக் கண்ணுக்குள்ள என்னத்தத் தேடுற?" என்று மாமி கேட்டார். இரண்டு படங்களையும் அருகருகே காட்டினேன். முகம் ஒன்றில் நிமிர்ந்தும் மற்றதில் தொங்கியும் இருந்தது. கருங்கோடு மட்டும் இரண்டிலும் நிலத்தோடு ஒத்தே கிடந்தது. படத்தில் முகத்தை நேராக வருமாறு திருப்பிப் பார்த்தால், கண் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பது உடனே புலப்படும். படம் எடுக்கும்போது தொலைபேசியைச் சாய்க்காமல் பிடிக்க வேண்டும்; சாய்ந்தால் கோடும் சாய்ந்தே தெரியும். வேலை நண்பகலை ஒட்டியதாக இருப்பதும் அவசியம். மஃரிபை அண்டிய மங்கல் வெளிச்சத்தில் ஆட்டின் கண்மணி அகன்று பருத்துவிடுவதால் கோட்டின் திசையைச் சரியாக மதிப்பிட முடியாது.

பூனைக்குத் தேவையானது எது?

பூனையின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது. அது ஓடித் துரத்திக் களைப்படையும் விலங்கு அன்று. பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் பிடிப்பது அதன் வழக்கம். ஒரு பாய்ச்சலுக்கு ஒரு தூரமே சரியானது. எலி ஒரு சாண் முன்னே இருந்தால் பாய்ச்சல் வீண். எலி தப்பிவிடும், பூனை பசியோடு திரும்பும். ஆகவே பூனைக்குச் சுற்றிலும் பார்ப்பதைவிட, முன்னால் உள்ள ஒரு பொருளின் தூரத்தைத் துல்லியமாக அறிவதே தேவை. அதன் கண்கள் நம்முடையவை போல முன்னோக்கி அமைந்திருப்பதும் இதற்காகவே.

தூரத்தை அறிய அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, இரு கண்களிலும் விழும் படங்களுக்கு இடையிலான சிறு வேறுபாடு. கண்கள் இடமும் வலமுமாக இருப்பதால் இந்த வேறுபாடும் இட வலமாகவே அமைகிறது. அதனை அளக்க நிமிர்ந்த ஓரங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நமது சோதனையில் நிமிர்ந்த கீறல் செய்தது அதைத்தான். இரண்டாவது வழி மங்கலே. எலி தெளிவாகவும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள தரை மங்கலாகவும் தெரிந்தால், எலி நிற்கும் இடம் தனியே பிரிந்து தெரியும். தரையில் உள்ளவை பெரும்பாலும் படுத்த ஓரங்கள் என்று மேலே கண்டோம். நிமிர்ந்த கண்மணி மேல் கீழாக நீண்டிருப்பதால் அந்தப் படுத்த ஓரங்களை விரைவாக மங்கச் செய்கிறது. இவ்வாறு ஒரே துவாரம் நிமிர்ந்த ஓரங்களைக் கூர்மையாக்கி ஒரு வழியையும், படுத்த ஓரங்களை மங்கவைத்து மறு வழியையும் பூனைக்குத் திறந்து வைக்கிறது.

இதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. கோர்டன் வோல்ஸ் என்ற கண்ணியல் அறிஞர் 1942 இல் வெளியிட்ட நூலில் இதனைச் சுட்டிக்காட்டினார். வட்டக் கண்மணி ஓரளவுக்கு மேல் சுருங்க முடியாது. கோடு வடிவக் கண்மணியோ இரு பக்கத்திலிருந்தும் திரைச்சீலை போல நெருங்கி ஏறத்தாழ முழுதாகவே மூடிக்கொள்ளும். வீட்டுப் பூனையின் கண்மணி மிகச் சுருங்கிய நிலைக்கும் முழுதாக விரிந்த நிலைக்கும் இடையே 135 மடங்கு பரப்பளவில் மாறுகிறது. நமது கண்மணி மாறுவது 15 மடங்கு மட்டுமே. இரவில் எலி பிடித்துவிட்டுப் பகலில் வெயிலில் படுத்துறங்கும் பிராணிக்கு இது இன்றியமையாதது. இரவில் பூனையைப் பார்த்தால் கோடு மறைந்து கண் முழுதும் வட்டக் கருமையாக இருப்பதும் இதனாலேயே.

சிங்கத்துக்கு ஏன் கோடு இல்லை?

பூனையின் குடும்பத்தைச் சேர்ந்த சிங்கத்துக்கும் புலிக்கும் சிறுத்தைக்கும் கண்மணி வட்டமே. அவையும் பதுங்கிப் பாய்பவைதாமே? பாங்க்ஸ் குழுவினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வில் தரைவாழ் பிராணிகள் 214 இன் கண்மணிகளை ஒப்பிட்டனர். அவற்றுள் முன்னோக்கிய கண்களோடு பதுங்கிப் பாய்பவை 65. அவற்றில் 44 க்கு நிமிர்ந்த கோடும் 19 க்கு வட்டமும் இருந்தன. நிமிர்ந்த கோடு உடையவற்றில் நூற்றுக்கு 82 தோள் உயரம் 42 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவை. வட்டக் கண்மணி உடையவற்றில் அவ்வளவு குள்ளமானவை நூற்றுக்கு 17 மட்டுமே.

உயரத்துக்கும் கண்மணிக்கும் என்ன தொடர்பு? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பூனையின் கண் தரையிலிருந்து 25 சென்ரிமீற்றர் உயரத்திலும், சிங்கத்தின் கண் 1 மீற்றர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே சாய்வில் தரையைப் பார்க்கின்றன. பார்வையை அதே அளவு மேலே உயர்த்தினால், கண் தன் குவியத்தை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது கண்ணின் உயரத்துக்கு நேர்மாறாக அமையும். உயரம் நான்கில் ஒரு பங்கு எனில் மங்கலின் ஏற்றம் நான்கு மடங்கு. எனவே தரையோடு தரையாக வாழும் பூனைக்கு மங்கல் என்பது நல்லதோர் அளவுகோல். சிங்கத்துக்கு அந்த அளவுகோலின் கோடுகள் மிக நெருங்கியவை. அதனால் பயன் குறைவு. நரிக்கு நிமிர்ந்த கோடும், அதே நாய்க் குடும்பத்தின் உயரமான ஓநாய்க்கு வட்டமும் இருப்பது இதற்கு இன்னொரு சான்று.

இந்த விதி எங்கே நிற்கிறது?

கண்மணியின் வடிவம் வாழ்க்கை முறையைச் சொல்லும். ஆனால் அதற்கு மேல் சொல்லாது. "கோடு போன்ற கண் உள்ள பாம்பு விஷப் பாம்பு, வட்டக் கண் உள்ளது விஷமற்றது" என்று சிலர் கூறுவதைக் கேட்டிருப்போம். இது ஆபத்தான நம்பிக்கை. பதுங்கியிருந்து தாக்கும் கண்ணாடி விரியனுக்கு நிமிர்ந்த கோடு உண்டு, உண்மைதான். ஆனால் நாகத்துக்குக் கண்மணி வட்டம். விஷமே இல்லாத மலைப்பாம்புக்கு நிமிர்ந்த கோடு. மலைப்பாம்பும் விரியனும் ஒத்திருப்பது விஷத்தில் அன்று, அசையாமல் காத்திருந்து பிடிக்கும் பழக்கத்திலேயே.

விதிக்குள் அடங்காதவையும் உண்டு. கீரி வேட்டையாடும் பிராணி; இருந்தும் அதன் கண்மணி ஆட்டினது போலப் படுத்த கோடு. 214 பிராணிகளின் பட்டியல் நமக்குக் காட்டுவது ஒரு பொருத்தத்தையே. மேய்பவை பெரும்பாலும் இப்படி, பதுங்குபவை பெரும்பாலும் அப்படி என்பதே அதன் பொருள். ஒவ்வொரு கண்ணுக்கும் எழுதிய சட்டம் அன்று. ஆகையால் ஒரு பிராணியின் கண்ணில் கோடு ஒன்றைக் கண்டால் மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். அதன் கண்கள் முன்னால் உள்ளனவா, பக்கங்களில் உள்ளனவா? அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்து பார்க்கிறது? அது காத்திருந்து பிடிக்கிறதா, காத்திருப்பவரிடமிருந்து தப்புகிறதா? ஆட்டுக்கும் பூனைக்கும் இம்மூன்று விடைகளும் எதிரெதிராக இருக்கின்றன. அவற்றின் கண்ணில் உள்ள கோடுகளும் ஒன்றுக்கொன்று குறுக்காகவே நிற்கின்றன.